டாலரில் வந்த பணத்தை நால்வர் பிரிக்கும்போது ஒரு பைசா எங்கே போகிறது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறோம். இந்த மாதம் 2,350 டாலர் என் கணக்குக்கு வந்தது. பங்குகள்: நிரல் எழுதியவருக்கு 913.40, வடிவமைத்தவருக்கு 702.25, சோதனை செய்தவருக்கு 478.90, எழுத்து வேலை பார்த்தவருக்கு 255.45 டாலர். வங்கி கொடுத்த விகிதம் 83.4275. ஒவ்வொரு பங்கையும் பெருக்கிக் கூட்டினால் 1,96,054.62 ரூபாய். வங்கிச் சீட்டிலோ 1,96,054.63. அதில் ஜிஎஸ்டி 266.44 பிடித்துக்கொண்டு 1,95,788.19 வரவு வைத்திருக்கிறார்கள். ஒரு பைசாதான், ஆனால் எங்கள் கணக்குப் புத்தகம் சுழிக்கு வர மறுக்கிறது. எப்படிப் பிரிப்பது?

பதில்: உங்கள் பெருக்கலில் பிழை இல்லை, வங்கியும் பிழை செய்யவில்லை. 2,350-ஐ 83.4275-ஆல் பெருக்கினால் 1,96,054.625 வரும். வங்கி அந்த அரைப் பைசாவை ஒரே ஒரு முறை, மேல்நோக்கி முழுமையாக்கியது. நீங்கள் நான்கு இடத்தில் முழுமையாக்கினீர்கள். நிரல் எழுதியவருக்கும் சோதனை செய்தவருக்கும் மேலே போனது, மற்ற இருவருக்கும் கீழே வந்தது. இந்த நான்கு சிறு நகர்வுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அடுத்த மாதம் ஒரு பைசா கூடுதலாகவும் வரலாம். 200 ரூபாயை மூவருக்குச் சமமாகப் பிரித்து ஆளுக்கு 66.67 என்று எழுதினால் 200.01 ஆகிவிடும் அல்லவா? அங்கே இல்லாத பைசா முளைக்கிறது, உங்களுக்கு இருந்த பைசா காணாமல் போயிருக்கிறது.

அதனால் பங்குகளைத் தனித்தனியாக ரூபாய்க்கு மாற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மாற்றம் ஒரு முறைதான் நடக்கிறது, அதை வங்கி செய்து முடித்துவிட்டது. உங்கள் வேலை, வந்த ரூபாயைப் பங்கு விகிதப்படி முழுப் பைசாக்களாகப் பிரிப்பது மட்டும். டாலர் தொகைகள் இனி பணம் அல்ல, வெறும் விகித எண்கள்.

ஒரு எச்சரிக்கை. வரவான 1,95,788.19-ஐ 2,350-ஆல் வகுத்து "நமக்குக் கிடைத்த விகிதம் 83.31" என்று எழுதி, அதனால் பெருக்குபவர்கள் உண்டு. உண்மையான ஈவு 83.314123 என்று நீள்கிறது. இரண்டு தசமத்தில் வெட்டியதற்கே 2,350 × 83.31 = 1,95,778.50 ஆகி 9 ரூபாய் 69 பைசா குறைந்துவிடும். விகிதத்தை முழுமையாக்கவே கூடாது.

இப்போது பிரிப்போம். வரவை 1,95,78,819 பைசா என்றும், பங்குகளை 91,340, 70,225, 47,890, 25,545 சென்ட் என்றும் எழுதுங்கள். மொத்தம் 2,35,000 சென்ட். ஒவ்வொரு பங்குக்கும் பைசா மொத்தத்தைப் பங்கின் சென்ட்டால் பெருக்கி, 2,35,000-ஆல் வகுக்க வேண்டும். பள்ளிக்கூட வகுத்தல்தான்: முழு எண்ணை ஈவாகவும், மிஞ்சுவதை மீதியாகவும் வைத்துக்கொள்ளுங்கள். தசமப் புள்ளி எங்குமே வராது.

| பங்கு | ஈவு (பைசா) | மீதி |
|---|---|---|
| நிரல் | 76,09,912 | 7,460 |
| வடிவமைப்பு | 58,50,734 | 74,275 |
| சோதனை | 39,89,913 | 86,910 |
| எழுத்து | 21,28,259 | 66,355 |

நான்கு ஈவுகளையும் கூட்டினால் 1,95,78,818. ஒரு பைசா இன்னும் கையில் இருக்கிறது. மீதிகளைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 2,35,000 வரும். அதாவது அந்த ஒரு பைசாதான் நான்கு மீதிகளாகச் சிதறிக் கிடக்கிறது. யாருடைய மீதி பெரியதோ, அவர்தான் ஒரு முழுப் பைசாவுக்கு மிக அருகில் இருப்பவர். இங்கே சோதனை செய்தவர். பைசா அவருக்கு. ஆக 76,099.12, 58,507.34, 39,899.14, 21,282.59. கூட்டினால் 1,95,788.19.

கவனியுங்கள், இங்கே நான்கு மீதிகளுமே 2,35,000-இல் பாதிக்குக் குறைவு. வழக்கமான முறையில் முழுமையாக்கியிருந்தால் நால்வருக்குமே கீழ்நோக்கிப் போய், இங்கும் அந்தப் பைசா தொலைந்திருக்கும்.

எக்செலில் செய்வதானால் B2 முதல் B5 வரை பங்குகளைச் சென்ட்டில் இடுங்கள். B6-இல் அவற்றின் கூட்டுத்தொகை, F1-இல் வரவு பைசாவில்:

```
F1: =ROUND(195788.19*100,0)
C2: =QUOTIENT($F$1*B2,$B$6)
D2: =MOD($F$1*B2,$B$6)
F2: =$F$1-SUM($C$2:$C$5)
E2: =C2+IF(RANK(D2,$D$2:$D$5)+COUNTIF($D$2:D2,D2)-1<=$F$2,1,0)
```

C, D, E நெடுவரிசைகளை 5-ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். E-இல் வருவதுதான் இறுதிப் பைசா. F1-இல் உள்ள ROUND-ஐ எடுத்துவிடாதீர்கள். கணினி 195788.19 போன்ற எண்ணை இரும எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 100-ஆல் பெருக்கும்போது முழு எண்ணுக்கு மயிரிழை கீழே விழுந்தால் QUOTIENT ஒரு பைசாவைத் தின்றுவிடும். இரண்டு தசமம் மட்டும் தெரியும்படி கட்டத்தை வடிவமைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். திரையில் தெரிவது மட்டுமே சுருங்கும், உள்ளே முழு எண் அப்படியே இருந்து கூட்டலில் வேறு விடையாக வெளியே வரும்.

COUNTIF உள்ள பகுதி, இருவருக்கு மீதி சமமாக வந்தால் மேல் வரியில் இருப்பவருக்கு முன்னுரிமை தருகிறது. சமப் பங்குகளில் இது எப்போதும் நடக்கும். 100 ரூபாயை ஏழு பேருக்குப் பிரித்தால் நால்வருக்கு 14.29, மூவருக்கு 14.28. அந்த நால்வர் யார் என்பதை வரிசைதான் முடிவு செய்யும். அந்த வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஒரு இடம் சுழற்றினாலும் சரி.

"எல்லாரையும் முழுமையாக்கிவிட்டு, மிச்சத்தைக் கடைசி ஆளுக்குக் கொடுத்தால் ஆகாதா?" என்று கேட்பீர்கள். மொத்தம் சேரும், நியாயம் சேராது. அதே ஏழு பேரில் ஆறு பேருக்கு 14.29 கொடுத்தால் கடைசி ஆளுக்கு 14.26தான். ஒரு பைசா வித்தியாசத்தில் முடிய வேண்டியது மூன்றாகிறது, ஆட்கள் கூடக்கூட அது வளரும்.

அடுத்தது ஜிஎஸ்டி. பலரும் இரண்டாவது முறை வழுக்குவது இங்கேதான். இந்தியாவில் அந்நியச் செலாவணி மாற்றத்துக்கு, தொகை 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை இருந்தால், 1,000 ரூபாயும் 1 லட்சத்தைத் தாண்டிய தொகையில் 0.5 சதவீதமும் சேர்ந்ததுதான் சேவையின் மதிப்பு. உங்களுக்கு அது 1,480.27. அதில் 18 சதவீதம் எடுத்தால் 266.45. ஆனால் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று தனித்தனியாகக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 133.22, இரண்டும் சேர்ந்து 266.44. உங்கள் சீட்டில் இருப்பது இதுதான். நீங்களாக 18 சதவீதம் போட்டுப் பார்த்து "வங்கி ஒரு பைசா குறைத்துப் பிடித்திருக்கிறது" என்று குழம்ப வேண்டாம். சீட்டில் அச்சான எண்ணையே எடுங்கள்.

நால்வரும் அவரவர் வருமானக் கணக்கு வைத்திருப்பவர்கள் என்றால், மொத்த வருமானம், ஜிஎஸ்டி, கைக்கு வந்தது என்று மூன்று எண்கள் ஆளுக்கு ஆள் தேவைப்படும். மூன்றையும் மேலே சொன்ன முறையில் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். 1,96,054.63-ஐப் பிரித்தால் சோதனை செய்தவருக்கு 39,953.43. 266.44-ஐப் பிரித்தால் அவர் பங்கு 54.30. கழித்தால் 39,899.13. ஆனால் நேரே வரவைப் பிரித்தபோது அவருக்கு வந்தது 39,899.14. எழுத்து வேலைக்காரருக்கு நேர்மாறாக, கழித்தால் 21,282.60, நேரே பிரித்தால் 21,282.59. இரண்டு வழியிலும் மொத்தம் சரியாகவே நிற்கிறது, ஆட்களுக்கிடையில் மட்டும் ஒரு பைசா இடம் மாறுகிறது. மூன்று பட்டியலையும் தனித்தனியே போட்டால் இந்த இருவர் வரிசையிலும் கழித்தல் பொருந்தாது.

என் பரிந்துரை: மொத்தத்தையும் ஜிஎஸ்டியையும் மட்டும் பிரியுங்கள், கைக்கு வருவதைக் கழித்தலில் பெறுங்கள். மொத்தம் 76,202.68, 58,586.96, 39,953.43, 21,311.56. ஜிஎஸ்டி 103.56, 79.62, 54.30, 28.96. அனுப்ப வேண்டியது 76,099.12, 58,507.34, 39,899.13, 21,282.60. வரிசை வரிசையாகக் கழித்தாலும் சரி, நெடுக்கில் கூட்டினாலும் சரி, பொருந்தும். வருமானக் கணக்குத் தேவையில்லை, பணத்தைப் பிரித்தால் போதும் என்றால் முதலில் சொன்ன பட்டியலே போதும். எதை எடுத்தாலும் மாதாமாதம் அதையே தொடருங்கள்.

வாடிக்கையாளர் பணத்தைத் திரும்பக் கேட்டுத் தொகை கழித்தல் குறியுடன் வந்தால், குறியை நீக்கிப் பிரித்துவிட்டுக் கடைசியில் குறியைப் போடுங்கள். கழித்தல் எண்ணில் QUOTIENT சுழியை நோக்கி வெட்டும், MOD வேறு பக்கம் போகும், இரண்டும் பொருந்தாது. வளைகுடா வாடிக்கையாளர் வந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: குவைத், பஹ்ரைன் தினாருக்கும் ஓமன் ரியாலுக்கும் தசமம் மூன்று இடம். அங்கே பங்குகளை 1,000-ஆல் பெருக்கித்தான் முழு எண்ணாக்க வேண்டும். ஜப்பான் யென்னுக்குப் பெருக்கவே வேண்டாம்.

இனி எப்போதாவது கணக்கு இடித்தால், முதலில் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். நால்வரை வழக்கமான முறையில் முழுமையாக்கினால் ஆளுக்கு அரைப் பைசாவுக்கு மேல் பிசகாது, ஆகவே மொத்தத்தில் அதிகபட்சம் இரண்டு பைசா. மூன்று பைசாவோ அதற்கு மேலோ வந்தால் அது முழுமையாக்கல் அல்ல. வெட்டிய விகிதத்தையோ, விட்டுப்போன வங்கிக் கட்டணத்தையோ, இணையத்தில் பார்த்த விகிதத்தை வங்கி விகிதம் என்று போட்டதையோ தேடுங்கள்.