ஃபிளேர் பொழிந்தால் ஏவுகணை ஏமாந்துவிடுமா?

"விமானக் கண்காட்சியில் அப்பாச்சி ஹெலிகாப்டர் தீச்சுடர்களைச் சொரிந்தது. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணையை இது தடுக்குமா என்று பேரன் கேட்கிறான். தடுக்குமென்றால் நாம் ஏறும் பயணிகள் விமானத்தில் ஏன் வைப்பதில்லை?" – ஈசூன் வாசகர்

தடுக்காது, திசைதிருப்பும். அதுவும் எல்லா ஏவுகணைகளையும் அல்ல என்று பேரனிடம் சொல்லுங்கள்.

இக்ளா, ஸ்டிங்கர் போன்ற தோள் ஏவுகணைகள் வெப்பத்தைத் தேடிப் போகின்றன. முனையில் இருக்கும் அகச்சிவப்புக் கண் எஞ்சினின் சூட்டைப் பார்த்துக்கொண்டே பறக்கும். இவற்றின் வேகம் ஒலியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஹெலிகாப்டர் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் விமானிக்குக் கிடைப்பது ஐந்தாறு விநாடிகள்தான். பார்த்து, யோசித்து, பொத்தானை அழுத்த அது போதாது. அதனால் முதல் வேலையை விமானி செய்வதில்லை, ஹெலிகாப்டரின் உடலைச் சுற்றிப் பொருத்திய உணர்கருவிகள் செய்கின்றன.

இவற்றில் பல புற ஊதாக் கதிரைத்தான் பார்க்கின்றன. சூரியனின் புற ஊதாவில் ஒரு பகுதியை ஓசோன் படலம் முழுமையாக விழுங்கிவிடுகிறது. ஆகவே அந்த அலைவரிசையில் நண்பகலிலும் வானம் இருட்டு. அந்த இருட்டில் ராக்கெட் எஞ்சினின் தீச்சுவாலை பளிச்சென்று தெரியும். அழகான யோசனைதான், ஆனால் ஓட்டைகள் உண்டு. ராக்கெட் சில விநாடிகளே எரியும், பிறகு ஏவுகணை வந்த வேகத்திலேயே சுவாலையின்றிப் பாயும். கீழே யாராவது வெல்டிங் செய்தால்கூடக் கருவி பொய் எச்சரிக்கை தரலாம்.

எச்சரிக்கை வந்ததும் ஃபிளேர்கள் எனப்படும் அந்தத் தீச்சுடர்கள் தாமாகவே வெளியேறும். மெக்னீசியமும் டெஃப்லானும் கலந்த கட்டிகள் அவை. எஞ்சினைவிடப் பல மடங்கு பிரகாசமாக எரியும். விமானி சட்டென்று திரும்பினால் ஏவுகணையின் பார்வையில் ஹெலிகாப்டரும் சுடரும் பிரிந்து நிற்கும். பழைய கண், இரண்டில் பெரிய வெளிச்சத்தின் பின்னால் போய்விடும்.

புதிய கண் அவ்வளவு ஏமாளி அல்ல. அது இரண்டு அலைவரிசைகளில் பார்த்து ஒப்பிடும். ஃபிளேர் எஞ்சினைவிட மிகச் சூடானது என்பதால் அதன் 'நிறம்' வேறாகத் தெரியும்; அந்த வேறுபாடே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். காற்றின் தடையால் ஃபிளேர் சட்டென்று பின்தங்குவதும் ஏவுகணைக்கு ஒரு துப்பு. இதற்கு மறுமொழியாக வந்ததுதான் லேசர். சுழலும் சிறு கோபுரத்திலிருந்து துடிக்கும் கதிரை நேராக ஏவுகணையின் கண்ணுக்குள் செலுத்தி, அதன் கணக்கைக் குழப்புகிறார்கள். அப்பாச்சியின் எஞ்சின் வாயிலைப் பாருங்கள்: வெளிக்காற்றைக் கலந்து புகையைக் குளிர்வித்து அனுப்பும் அமைப்பு அங்கே இருக்கிறது. என் பார்வையில் ஃபிளேரைவிட இதுவே மேல். ஏனென்றால் இது தீர்ந்துபோவதில்லை.

பிரிட்டனின் ஸ்டார்ஸ்ட்ரீக் போன்றவை வெப்பத்தையே பார்ப்பதில்லை. சுடுபவர் இலக்கின்மேல் பிடித்துவைக்கும் லேசர் கதிரைத் தொற்றிக்கொண்டு வருகின்றன. இவற்றின் முன் எத்தனை ஃபிளேர் கொட்டினாலும் பயனில்லை. குன்றுக்கும் மரங்களுக்கும் பின்னால் தாழப் பறந்து, தெரிகிற நேரத்தைக் குறைப்பதே ஹெலிகாப்டருக்கு வழி. போர் விமானங்களோ இந்த ஏவுகணைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடலாம். 1999இல் கொசோவோவில் நேட்டோ விமானங்கள் பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலேயே பறந்ததற்கு இது முக்கியக் காரணம்.

இனி பயணிகள் விமானம். 2003 நவம்பர் 22 அன்று பாக்தாத்திலிருந்து பஹ்ரைன் புறப்பட்ட டிஎச்எல் சரக்கு விமானம், ஏர்பஸ் ஏ300, சுமார் 8,000 அடி உயரத்தில் தோள் ஏவுகணையால் அடிபட்டது. வெடிமருந்து சிறிதுதான், ஆனால் இடது இறக்கை கிழிந்து தீப்பற்றியது; மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செத்துவிட்டன. சுக்கான் எதுவும் அசையவில்லை. மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் மட்டுமே விமானத்தைத் திருப்பி, அதே நிலையத்தில் இறக்கிவிட்டது. ஓடுபாதையை விட்டு மணலுக்குள் ஓடி நின்றாலும் மூவரும் பிழைத்தார்கள். அடிபட்ட எரிபொருள் தொட்டி நிரம்பியிருந்ததும் அதிர்ஷ்டம். காலியாக இருந்தால் உள்ளே தேங்கும் ஆவி வெடித்திருக்கும்.

அப்படியிருந்தும் விமான நிறுவனங்கள் கருவி பொருத்தாததற்குக் காரணம் செலவும் பராமரிப்பும். ஆபத்து, ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ள சில நிமிடங்களுக்கு மட்டுமே. போர் நடக்கும் ஊர்களைத் தவிர்ப்பது அவர்களுக்கு மலிவு. விதிவிலக்கு இஸ்ரேல், அதன் பயணிகள் விமானங்கள் சிலவற்றில் லேசர் கருவி உண்டு. ஃபிளேரை எடுத்துக்கொண்டால், குடியிருப்புகளுக்கு மேல் எரியும் கட்டிகளைக் கொட்ட எந்த விமான நிலையம் சம்மதிக்கும்?