பாத்திக் சேலை: மெழுகு போகவில்லை, சாயம் போகிறது

கேள்வி: கண்டிக்குச் சுற்றுலா போனபோது கைடு கூட்டிப்போன கடையில் காட்டன் பாத்திக் சேலை வாங்கினேன். அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. அயர்ன் பண்ணினால் பிசுபிசுக்கிறது. வெந்நீர் படவே கூடாது, உப்புத் தண்ணீரில் ஊறவையுங்கள் என்றார் கடைக்காரர். அப்படியே செய்தேன். அடுத்த முறை துவைத்தபோதும் வாளி முழுக்க மெரூன் நிறம். என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் சேலைக்குத் தேவை வெந்நீர்தான். பாத்திக்கில் சாயம் ஏறக் கூடாத இடங்களில் மெழுகு பூசி, துணியைக் குளிர்ந்த சாயத்தில்தான் முக்குவார்கள். சாயம் சூடாக இருந்தால் மெழுகு உருகி, கோலம் கலைந்துவிடும். சாயம் ஏறி முடிந்த பிறகு, கடைசி வேலையாகத் துணியை அண்டாவில் கொதிக்கவைத்து மெழுகை எடுப்பார்கள். ஜாவாவில் இந்தக் கட்டத்துக்கு லோரோட் என்று பெயர். ஒழுங்காகக் கொதித்து வந்த பருத்தித் துணிக்கு வெந்நீர் புதிதல்ல. அதைக் கண்டு விற்பவர் பயப்படுகிறார் என்றால், கொதி அரைகுறையாக நடந்திருக்கிறது, அல்லது சாயம் நிற்காது என்பது அவருக்கே தெரியும்.

முதலில் விறைப்பு எதனால் என்று பாருங்கள். கேட்டால் கஞ்சி போட்டிருக்கிறோம் என்பார்கள். முந்தானையின் ஓரத்தைப் பச்சைத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். கஞ்சியாக இருந்தால் துணி தளர்ந்து, விரலில் வழுவழுப்பு தட்டும். மெழுகு என்றால் ஈரத்திலும் விறைப்பு அப்படியே இருக்கும், தண்ணீர் துணியில் இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். அயர்ன் சூட்டில் பிசுபிசுக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் மெழுகுதான் என்று நினைக்கிறேன். அதிலும் ரோஸின் கலந்தது.

பாத்திக் மெழுகு தனி மெழுகல்ல, ஒரு கலவை. பாரஃபின் மட்டும் பூசினால் நொறுங்கி உதிரும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், ஆனால் விலை அதிகம். ஆகவே துணியை இறுகப் பிடித்துக்கொள்ள ரோஸின் சேர்ப்பார்கள். பைன் மரப் பாலிலிருந்து டர்பன்டைனை வடித்தபின் மிஞ்சும் கட்டிப் பிசின் இது. பூசும்போது உதவும் இந்தப் பிடிப்பு துவைக்கும்போது தொல்லை. பாரஃபின் வெந்நீரில் உருகி மேலே மிதந்துவிடும். ரோஸின் வெறும் வெந்நீருக்கு மசியாது. அது அமிலத்தன்மை உள்ளது, சலவைச் சோடாவோடு சேர்ந்தால் சோப்பாக மாறிக் கரையும். அதனால்தான் கொதிநீரில் சோடா போடுகிறோம். செய்தித்தாளை வைத்து அயர்ன் பண்ணி எடுக்கும் வைத்தியத்தை விட்டுவிடுங்கள். பாரஃபினில் கொஞ்சம் தாளுக்குப் போகும், ரோஸின் உருகி நூலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும்.

கொதிக்கவைக்கும் முன் ஒரு சோதனை. ஒரு டம்ளர் கொதிநீரில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டு, முந்தானை நுனியை வெள்ளைத் துணித்துண்டோடு சேர்த்து ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். வெள்ளைத் துணியில் இலேசான சாயல் ஏறினால் பாதகமில்லை. அது மெரூனாகவே மாறினால் சேலையைக் கொதிக்கவைக்க வேண்டாம்.

சோதனையில் தேறினால், சேலையைப் பச்சைத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, மேலாக நிற்கும் சாயத்தைப் போக்குங்கள். அரை கிலோ எடையுள்ள சேலைக்குப் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் 15 லிட்டர் தண்ணீர் வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். தண்ணீர் கொதி வந்ததும் 30 கிராம் சலவைச் சோடாவும் ஒரு தேக்கரண்டி திரவ சோப்பும் கரையுங்கள். சேலையைப் பிரித்துப் போட்டு, மரக்கோலால் பத்து நிமிடம் கிளறுங்கள். பிறகு, தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே சேலையைத் தூக்கிப் பக்கத்தில் தயாராக வைத்த குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துங்கள். மிச்சமிருக்கும் மெழுகு செதிள் செதிளாக உறைந்து, தேய்த்தால் உதிரும். அடுப்பை அணைத்துவிட்டு ஆற விட்டால் மிதக்கும் மெழுகு ஆடை கட்டும். அதன் வழியாகத் தூக்கினால் அத்தனையும் துணியில் திரும்ப ஒட்டும். விறைப்பு மீதி இருந்தால் புதுத் தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்கவையுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் இதற்கு ஆகாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து ரோஸின் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காகத் துணியில் படியும். திருச்சியில் இருக்கிறீர்கள், காவிரித் தண்ணீரே போதும்.

இனி மெரூனுக்கு வருவோம். காட்டன் பாத்திக்கில் இப்போது பரவலாக இருப்பவை ரியாக்டிவ் சாயமும் நாப்தாலும். ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப் பிணைப்புப் போட்டுக்கொள்ளும். ஆனால் ஒரு பகுதி நூலை விட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அடர் நிறங்களில் இது அதிகம். இதைப் பட்டறையிலேயே கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் போக்கியிருக்க வேண்டும். எரிபொருளும் தண்ணீரும் மிச்சம் என்று அந்த வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

உப்பு இதைச் சரிசெய்யாது. சாயத் தொட்டியில் உப்புப் போடுவதே சாயத்தைத் துணியை நோக்கித் தள்ளத்தான். ஒட்டாத சாயத்தையும் அது துணியிலேயே அழுத்தி வைக்கும். அதனால் உப்பில் ஊறும்போது தண்ணீர் தெளிவாகத் தெரியும், கடைக்காரர் சொன்னது சரிதான் என்று தோன்றும். அடுத்த துவைப்பில் உப்பு இல்லை, வாளி மெரூன். வினிகரும் ரியாக்டிவ் சாயத்தைக் கட்டிப்போடாது. பாட்டிலில் அடைத்து விற்கும் கலர் ஃபிக்ஸர் சில துவைப்புகளுக்குத்தான் தாங்கும். மெழுகு எடுத்தபின் சோடா இல்லாமல், கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அலசுங்கள், இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நிறம் குறைந்துகொண்டே வந்தால் ரியாக்டிவ், சரியாகிவிடும். குறையவே இல்லையென்றால் மலிவான டைரக்ட் சாயம், அதற்கு மருந்தில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தும் உலர்ந்த துணியைத் தேய்த்தால் கையில் ஒட்டுகிறதா? மேலாகப் படிந்த நாப்தால் துகள். இதுவும் கொதிக்கும் சோப்பில் குறையும்.

இதையெல்லாம் பட்டுச் சேலைக்குச் செய்யவே கூடாது. பட்டு புரதம். சூடான சோடா அதன் மினுமினுப்பைக் கொன்று, இழையைப் பலவீனமாக்கும். காஸ்டிக் சோடா கரைத்தே விடும். பாதிப் பட்டு, பாதிப் பருத்தி என்றாலும் பட்டாகவே கருதுங்கள். சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு, காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி. பட்டில் தங்கிய மெழுகுக்கு டிரை கிளீனிங்தான் வழி. அந்தக் கரைப்பான் பாரஃபினையும் ரோஸினையும் சேர்த்தே எடுத்துவிடும். கொடுக்கும்போது மெழுகு இருக்கிறது, முதலில் ஸ்டீம் அயர்ன் போடாதீர்கள் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சூடு பட்டால் மெழுகு பரவி எண்ணெய்த் திட்டாகத் தெரியும். வீட்டில் பெட்ரோல் ஊற்றித் துவைக்கும் வேலை வேண்டாம், ஒரு தீப்பொறி போதும்.

கைடு கூட்டிப்போகும் கடைகளில் விலைக்குள் அவருடைய கமிஷனும் அடக்கம் என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊர்க் கண்காட்சி ஸ்டால்களும் யோக்கியமில்லை. பில்லில் வரி எண் வரை அச்சடிக்கிறார்கள், என்ன சாயம் என்று ஒரு வரி கிடையாது. கேட்டால் ‘நிறத்துக்கு உத்தரவாதம் இல்லை’ என்ற முத்திரையைக் காட்டுவார்கள். அடுத்த முறை வாங்கும் முன், கைக்குட்டையை நனைத்து அடர் நிறத்தின் மேல் அங்கேயே தேயுங்கள். துணியைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் மெழுகே படாத அச்சுத் துணி.

கொதித்த தண்ணீரைச் சூடாகச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். குழாயில் மெழுகு உறைந்து அடைக்கும். இரவு முழுக்க ஆறவிட்டு, மேலே படியும் வில்லையை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள்.