துண்டுப்பிரசுரத்தில் விடுபட்ட இரண்டு எண்கள்

கேள்வி: நான் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை, வயது 34. மனச்சோர்வுக்காக ஐந்து மாதமாக ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தந்த செர்ட்ரலின் 50 மில்லிகிராம் குளிசை எடுக்கிறேன். அழுகை நின்றுவிட்டது. ஆனால் பின்னிரவில் விழிப்பு வருகிறது, நெஞ்சுப் பதற்றமும் முழுதாகப் போகவில்லை. ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் நடக்கும் யோகா வகுப்புக்குப் போகிறேன். மாஸ்டர் தந்த துண்டுப்பிரசுரத்தில், அமெரிக்க ஆய்வொன்றில் யோகா செய்தவர்களில் 54 வீதமானோர் குணமடைந்தார்கள், இனிக் குளிசை தேவையில்லை என்று இருக்கிறது. நான்கு நாள் நிறுத்திப் பார்த்தேன். தலை சுற்றியது, மண்டைக்குள் மின்சாரம் வெட்டுவது போல் இருந்தது. "நஞ்சு வெளியேறுகிறது" என்றார் மாஸ்டர். பயந்து மறுபடி போட்டேன், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. குளிசையை விடலாமா?
— ஆசிரியை, ஹட்டன்

பதில்: இப்போது விட வேண்டாம். யோகாவையும் விட வேண்டாம்.

மின்வெட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியேறியது நஞ்சு அல்ல, குளிசைதான். செர்ட்ரலின் இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். மாதக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, திடீரென்று அது இல்லாமற்போகும்போது தடுமாறுகிறது. தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், பயங்கரக் கனவு, நீங்கள் சொன்ன அந்த வெட்டு எல்லாம் அந்தத் தடுமாற்றத்தின் அடையாளங்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் வேறு விதமாக இருக்கும். அது நான்கு நாளில் வந்து, குளிசை போட்ட இரண்டு நாளில் ஓடிவிடாது. வாரக்கணக்கில் மெதுவாக ஊர்ந்து வரும்.

இனி அந்த 54. மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அந்த எண் 2021இல் வெளியான ஒரு நல்ல ஆய்விலிருந்து வந்தது. ஓயாத பதற்றக் கோளாறு உள்ள 226 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் குண்டலினி யோகா, ஒரு குழுவுக்குச் சி.பி.டி. எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சை, மூன்றாவது குழுவுக்கு மன அழுத்தம் பற்றிய வெறும் பாட வகுப்பு. 12 வாரங்கள் கழித்து யார் எந்தக் குழு என்று தெரியாத மதிப்பீட்டாளர்கள் பார்த்தபோது, யோகா குழுவில் நூற்றுக்கு 54 பேர் தெளிவாகத் தேறியிருந்தார்கள். "தேறியிருந்தார்கள்" என்பதைக் கவனியுங்கள். நோய் முற்றிலும் நீங்கியது என்று ஆய்வு சொல்லவில்லை, துண்டுப்பிரசுரம்தான் சொல்கிறது.

விடுபட்ட எண்களில் முதலாவது 33. வெறும் பாடம் கேட்டவர்களிலேயே நூற்றுக்கு 33 பேர் தேறிவிட்டார்கள். வாரத்தில் ஒருநாள் வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, அக்கறையாகக் கேட்கும் ஒருவரையும் தம்மைப்போன்ற நாலு பேரையும் சந்தித்தாலே இவ்வளவு நடக்கும். பதற்றம் அதன்பாட்டில் ஏறி இறங்குவதும் இதற்குள் அடக்கம். ஆகவே யோகாவின் சொந்தப் பங்கு என்று சொல்லக்கூடியது 54 அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்ட 21. அதுவும் சிறிய பங்கல்ல. இரண்டாவது எண் 71, பேச்சுவழிச் சிகிச்சை பெற்றவர்களுடையது. யோகா அதற்கு நிகர் என்று ஆய்வாளர்களால் காட்ட முடியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது யோகாவுக்கும் பாட வகுப்புக்கும் இடையில் இருந்த வித்தியாசம், தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. பேச்சுவழிச் சிகிச்சையின் நன்மை மட்டும் நிலைத்திருந்தது.

அதனால்தான் "யோகாவால் குணம்" என்று யாராவது செய்தி கொண்டுவந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, மற்றக் குழு என்ன செய்தது என்பது. பல ஆய்வுகளில் அந்தக் குழு வரிசையில் காத்திருந்திருக்கும், அவ்வளவுதான். காத்திருப்பவனுக்கு எதிரே எதை வைத்தாலும் வெல்லும், பஜனையை வைத்தாலும் வெல்லும்.

உங்கள் நிலைக்கு நெருக்கமான ஆய்வு வேறொன்று. அதிலும் அமெரிக்கர்கள்தான், 122 பேர். குளிசை எடுத்தும் மனச்சோர்வு முழுதாகப் போகாதவர்கள். குளிசையை நிறுத்தாமல், பாதிப் பேருக்கு ஹத யோகாவையும் மீதிப் பேருக்கு உடல்நலப் பாட வகுப்பையும் மேலதிகமாகக் கொடுத்தார்கள். பத்தாவது வாரத்தில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தப் பத்தாவது வாரம்தான், தொடங்கும்போதே அவர்கள் குறித்துவைத்த தீர்ப்பு நாள். ஆனால் தொடர்ந்து கவனித்தபோது யோகா பக்கம் மெல்ல முன்னேறியது. ஆறு மாதத்தில் அந்தப் பக்கம் நூற்றுக்கு 51 பேரும் பாடப் பக்கம் 31 பேரும் தேறியிருந்தார்கள். குறித்த நாளில் தோற்று, பின்னால் வென்ற முடிவை நான் நம்பிக்கை தரும் குறிப்பாக எடுப்பேன், நிரூபணமாக எடுக்கமாட்டேன். இன்னொரு குறையும் உண்டு. பாடம் கேட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், யோகா செய்தவர்கள் உடம்பை அசைத்தார்கள். பலன் ஆசனத்தாலா, மூச்சாலா, வெறும் அசைவாலா என்று இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

தியானம் குளிசைக்கு ஈடாகும் என்று மாஸ்டர் அடுத்து சொல்லக்கூடும். 2015இல் இங்கிலாந்தில் 424 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். தியானத்தோடு கூடிய எட்டு வாரப் பயிற்சி பெற்றுக் குளிசையைக் குறைத்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் 44 வீதமானோருக்கும், குளிசையைத் தொடர்ந்தவர்களில் 47 வீதமானோருக்கும் நோய் திரும்பியது. கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே நோய் தணிந்து நல்ல நிலையில் இருந்தவர்கள். வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்தவர்கள். உங்களுக்கு அந்தத் தணிவு இன்னும் வரவில்லை. வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் குளிசையைத் தொடர்வதுதான் வழமை.

உங்கள் வகுப்பில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்துப்போகும், நெஞ்சு படபடக்கும், தலை இலேசாகும். பதற்றம் உள்ளவருக்கு அது அப்படியே பதற்றத் தாக்குதலாகத் தோன்றும், சிலருக்கு அதுவாகவே மாறியும்விடும். மெதுவான மூச்சும் நீட்டி நிமிரும் ஆசனங்களும் போதும். கண்மூடி உட்காரும்போது பழைய துயரம் பொங்கினால் கண்ணைத் திறந்துவிடுங்கள், அதைத் தாங்கிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் உற்சாகமும் அளவுமீறி ஏறினால் அதை யோக சித்தி என்று கொண்டாடாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

ஞாயிறு ஒருநாள் மட்டும் போதாது. முதலில் சொன்ன ஆய்வில் வாரம் ஒரு வகுப்போடு தினமும் 20 நிமிட வீட்டுப் பயிற்சியும் இருந்தது. விடியற்காலைப் பனியில் முடியாவிட்டால் பாடசாலை விட்டு வந்தபின் செய்யுங்கள். பலன் தெரிகிறதா என்று பார்க்க, மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவம் ஒன்றைக் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். மொத்தப் புள்ளி 27. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வகுப்பு இல்லாத நாளில் நிரப்புங்கள். வகுப்பு முடிந்த மாலையில் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். பத்து வாரத்தில் ஐந்து புள்ளியாவது குறைந்தால் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம்.

அதுவரை காத்திருக்காமல் அடுத்த கிளினிக் நாளிலேயே மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: நான்கு நாள் நிறுத்தியது, பின்னிரவு விழிப்பு, யோகா வகுப்பு. ஐந்து மாதமாக 50 மில்லிகிராமிலேயே இருந்தும் பாதிதான் தேறியிருக்கிறீர்கள், ஆகவே அளவைக் கூட்டுவது பற்றியும் பேச்சுவழிச் சிகிச்சை கிடைக்குமா என்பது பற்றியும் கேளுங்கள். அந்தப் பின்னிரவு விழிப்பில் செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், கிளினிக் நாளைப் பார்க்காமல் அந்த நேரத்திலேயே 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவித் தொலைபேசி எண்.