குடித்தால் சிலருக்கு மட்டும் ஏன் கை ஓங்குகிறது? – கேள்வி பதில்

குடிநோய் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் மனநலச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். குடித்தவரின் கோபத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கல்லீரல் பற்றி வந்த கேள்விகளை டாக்டர்களிடம் விட்டுவிட்டேன்.

ஒரே ஃபுல்லை நாலு பேர் பிரிச்சுக் குடிக்கிறோம். ஒருத்தன் பாடுறான், ஒருத்தன் அழுறான், ஒருத்தன் மட்டையாகிடுறான். நாலாவது ஆள் மட்டும் சண்டைக்கு நிக்கிறான். சரக்கு ஒண்ணுதானே?

சரக்கு ஒன்றுதான். அது செய்கிற வேலையும் நாலு பேருக்கும் ஒன்றுதான்: கவனத்தைச் சுருக்குகிறது. 1990-இல் கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்குக் கிட்டப்பார்வை என்றே பெயர் வைத்தார்கள். தெளிவாக இருக்கும்போது யாராவது நம்மை இடித்துவிட்டால் நாலைந்து விஷயம் சேர்ந்து மனதில் ஓடும். இடம் நெருக்கடி, தெரியாமல் பட்டிருக்கும், கூட இருப்பவன் நண்பன், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும். போதையில் இதில் எது பெரிதாகத் தெரிகிறதோ அது ஒன்றுதான் மிஞ்சும். பாட்டு பெரிதாகத் தெரிகிறவன் பாடுகிறான். ‘என்னை இடிச்சுட்டான்’ என்பது பெரிதாகத் தெரிகிறவன் சட்டையைப் பிடிக்கிறான்.

உங்கள் நாலாவது ஆள் குடிக்காதபோது எப்படி என்று பாருங்கள். சட்டென்று கோபம் வருகிறவராக இருப்பார், அல்லது மனதில் பட்டதைச் சொல்லாமல் அடக்கி வைத்திருப்பார். நாளைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கிற பழக்கமே குறைவானவர்கள் போதையில் அதிகம் ஆவேசப்படுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-இல் சோதனை வைத்தே காட்டினார்கள். எதிராளிக்கு மின் அதிர்ச்சி கொடுக்கிற ஒரு போட்டி அது. எதிராளி என்று ஒருவர் உண்மையில் கிடையாது. எவ்வளவு பலமான அதிர்ச்சியை, எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

மூளையில பிரேக் வேலை செய்யாது, உள்ளே இருக்கிற உண்மையான குணம் வெளியே வந்துடும். அவ்வளவுதானே சார்? இதுக்கு எதுக்கு இவ்வளவு விளக்கம்?

முதல் பாதி சரி. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஆஸ்திரேலியாவில் தாமஸ் டென்சன் குழு 50 இளைஞர்களுக்கு ஸ்கேன் எடுத்து 2018-இல் வெளியிட்டது. சும்மா இரண்டு கிளாஸ் வோட்கா குடித்தவர்களிடமே, சீண்டலுக்குப் பதிலடி கொடுக்கும் நேரத்தில் அந்தப் பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது.

இரண்டாவது பாதியை நான் ஒப்புக்கொள்வதில்லை. கோபம் மட்டும்தான் உண்மையான குணமா? காலையில் அதை அடக்கிக்கொண்டு போகிறவரும் அவரேதானே. அதோடு, பிரேக் ஒரேயடியாகப் போய்விட்டது என்றால் இன்னொரு சோதனையை விளக்க முடியாது. கென்டக்கியில் பீட்டர் ஜியான்கோலா என்ற ஆய்வாளர், குடித்தவர்களிடம் அதே மாதிரி போட்டி நடத்திக்கொண்டே திரையில் எந்தக் கட்டம் மின்னியது என்று நினைவு வைத்திருக்கச் சொன்னார். கவனம் அங்கே போனதும் அவர்களின் ஆவேசம் இறங்கிவிட்டது. போதை அப்படியே இருந்தது, கண் போன இடம்தான் மாறியது.

எங்க வீட்டுக்காரர் பெயின்டர். சனிக்கிழமை சம்பளம். ஏழு மணிக்குக் கடையில ஒரு குவார்ட்டர், சாப்பிடாம அடிச்சுட்டு எட்டு மணிக்கு வருவார். நான் சீட்டுப் பணம் கேட்பேன். தட்டு பறக்கும். காலையில ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்கிறார். நடிக்கிறாரா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம் அம்மா. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம்ம ஊர் பிராந்தியில் 42.8 சதவீதம் சாராயம். எடையில் சுமார் 61 கிராம். அறுபத்தைந்து கிலோ ஆளாக இருந்தால் எட்டு மணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் இருக்கும். வண்டி ஓட்ட நம்ம சட்டம் அனுமதிப்பது 30. அதைப் போல நாலு மடங்கோடு வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். வெறும் வயிறு, அவசரமாகக் குடித்தது, அதனால் போதை இன்னும் ஏறுமுகத்தில்கூட இருக்கலாம். ஒரே அளவு போதை என்றாலும், இறங்கும்போது இருப்பதைவிட ஏறும்போதுதான் ஆவேசம் அதிகம்.

அந்த நேரத்தில் காதில் விழுவது சீட்டுப் பணம். செலவழித்துவிட்டோம் என்பது அவருக்கே உறுத்துகிற விஷயம். தெளிவாக இருந்தால் உங்கள் முகத்தில் இருக்கிற கவலையும் பிள்ளை கதவோரம் நிற்பதும் தெரியும். இப்போது ‘என்னைக் குற்றம் சொல்றா’ என்பது மட்டும்தான் தெரிகிறது. போதையில் இருப்பவர்கள், தற்செயலாக நடந்ததைக்கூட வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சாதாரணமாகக் கேட்டதும் குத்திக்காட்டியதாகத்தான் அவருக்குப் படும்.

ஞாபகம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். வெறும் வயிற்றில் வேகமாக ஏறினால் மூளை நடப்பதைப் பதிவு செய்வதை நிறுத்திவிடும். ஆனால் பதிவாகவில்லை என்பதற்கு அந்த நேரத்தில் தெரியவில்லை என்று அர்த்தமில்லை. தெரு தெரிந்துதான் வீடு வந்து சேர்ந்தார். ஒன்று கேட்கிறேன்: மேஸ்திரி முன்னால் தட்டு பறந்திருக்கிறதா?

இல்லைங்க. குடிச்சிருந்தாலும் மேஸ்திரி முன்னாடி கைகட்டித்தான் நிற்பார்.

அதே 120-தான். அங்கே பெரிதாகத் தெரிவது வேலை போய்விடுமோ என்ற பயம். வீட்டில் அப்படி ஒரு பயம் கிடையாது. கோபத்தைத் தூண்டுவது போதையாக இருந்தாலும், அது யார் மேல் பாயலாம் என்பதைப் பல வீடுகளில் முன்னாலேயே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஆய்வுகளைவிட எங்கள் வார்டில் உட்கார்ந்தால் இது நன்றாகத் தெரியும்.

சீட்டுப் பணத்தைச் சனிக்கிழமை மாலை வேலை முடிகிற இடத்திலேயே வாங்க முடியுமா என்று பாருங்கள், இல்லையென்றால் ஞாயிறு மதியம் பேசுங்கள். நீங்கள் கேட்டதால்தான் தட்டு பறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேரத்தை மாற்றச் சொல்வது அந்த இரவு அடிபடாமல் இருக்கத்தான். தட்டு போய்க் கை வந்தால் விவாதிக்காமல் பிள்ளையோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். 181-க்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவரை ஜெயிலுக்கு அனுப்பாமலே பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம்.

அப்போ குடிச்சவன் மேல தப்பே இல்லை, எல்லாம் மூளை பண்ற வேலைன்னு சொல்றீங்க. நல்லா இருக்கு நியாயம்.

அப்படிச் சொல்லவில்லை. சட்டமும் சொல்லவில்லை. தெரியாமலோ கட்டாயப்படுத்தியோ ஒருவருக்குக் குடிக்கக் கொடுத்திருந்தால்தான் அவர் விதிவிலக்கு கேட்க முடியும். தானாகக் குடித்தவருக்கு அது கிடையாது.

எனக்கு பிராந்தின்னா பிரச்சினையே இல்லை. ரம் சூடு, அது உள்ளே போனாத்தான் அலப்பறை. இது என் அனுபவம்.

இரண்டிலும் இருக்கிற சாராயம் ஒன்றுதான். ரம் அடித்தால் அலப்பறை என்று முதலிலேயே நம்பிவிட்டால் அந்த நம்பிக்கையும் வேலை செய்யும். பிரான்சில் லோரன் பெக் குழு 2009-இல் ஒரு சோதனை வெளியிட்டது. சிலருக்குச் சாராயம் கொடுத்து இல்லை என்றார்கள், சிலருக்குக் கொடுக்காமல் கொடுத்ததாகச் சொன்னார்கள். பிறகு தங்களைச் சீண்டிய ஆள் சாப்பிட வேண்டிய சாப்பாட்டில் உப்பும் காரமும் போடச் சொன்னார்கள். நிறையக் குடித்துவிட்டதாக நம்பியவர்கள்தான் அள்ளிப் போட்டார்கள். உண்மையில் உள்ளே போனது கணக்கிலேயே வரவில்லை.

இதை வைத்துச் சாராயம் அப்பாவி என்று சொல்லிவிட முடியாது. வேறு ஆய்வுகளில் நிஜச் சாராயத்தின் பங்கு தெளிவாகத் தெரிகிறது. எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இன்னும் இழுபறிதான். நீங்கள் ஒன்று கவனியுங்கள்: ரம் அடிக்கிற நாளில் யாரோடு, எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள்?

பரிவு குறையும்னு சொல்றாங்க. எங்க அப்பா குடிச்சாத்தான் எங்களைக் கட்டிப்பிடிச்சு அழுவார். மத்த நாள்ல பேசவே மாட்டார். இது எப்படி?

உங்கள் அப்பா பொய்யாக அழவில்லை. கொஞ்சம் குடித்தால் அடுத்தவர் மேல் உருக்கம் கூடுவது உண்மைதான். சுவிட்சர்லாந்தில் பியர் கொடுத்துச் செய்த ஒரு சோதனையில், சிரித்த முகங்களை அவர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள், உணர்ச்சியும் கூடியது. பரிவில் இன்னொரு பாதி உண்டு. எதிரில் இருப்பவருக்கு இப்போது என்ன தோன்றுகிறது என்று புரிந்துகொள்வது. நிறையக் குடித்தால் பலவீனமாவது அதுதான். அப்பா உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தபோது உங்களுக்கு மறுநாள் பரீட்சை என்பதும், நீங்கள் நெளிந்ததும் அவருக்குத் தெரிந்ததா? அடிக்கிறவர் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. ‘போதும், வலிக்குது’ என்று எதிரில் இருக்கிற முகம் சொல்வது அவருக்கு எட்டுவதில்லை.

வருடக்கணக்காகக் குடித்தவர்களுக்கு, நிறுத்திய பிறகும் இந்த முகம் பார்த்துப் புரிந்துகொள்ளும் திறன் சில காலம் மந்தமாகவே இருக்கும். ‘குடிக்கிறதில்லை, ஆனாலும் நான் அழறது அவருக்குத் தெரியலை’ என்று எங்களிடம் சொல்கிற மனைவிகள் உண்டு. எல்லாருக்கும் முழுசாகத் திரும்பிவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

தம்பி தினமும் ஒரு ஆஃப் குடிக்கிறவன். நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சு. குடிச்சப்போ இருந்ததைவிட இப்பத்தான் எரிஞ்சு விழறான். சாம்பார்ல கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்காமே?

அது குடிகோபம் இல்லை. தினமும் கிடைத்தது திடீரென்று நின்றதால் வருகிற எரிச்சல். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை கூடவே இருக்கும். இரண்டாவது, மூன்றாவது நாள்தான் ஆபத்து. இல்லாததைப் பார்ப்பது, இடம் தெரியாமல் பேசுவது, வலிப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். நடுக்கம் மட்டும்தான் என்றாலும் இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

சாம்பாரில் எதுவும் கலக்காதீர்கள். நீங்கள் சொல்வது டைசல்ஃபிராமாக இருக்கும். அது உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டும்தான் அதைக் கொடுப்போம். கூட்டிக்கொண்டு வரும்போது கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்னால் எப்போதாவது வலிப்பு வந்ததா என்பதைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். வார்டில் சேர்ப்பதா, வீட்டிலிருந்தே பார்ப்பதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.