மொசார்ட் ஒளித்து வைத்த மெட்டு: வேரியேஷன் பற்றிச் சில கேள்விகள்

ரோஸ் ஹில்லிலிருந்து ஒருவர்: "மொசார்ட் வேரியேஷன் வாசிக்கும்போது என் மகன் முதல் வேரியேஷனிலேயே மெட்டு எங்கே என்று கேட்கிறான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை, அக்கா."

நம்ம மொரிஷியஸ் பிள்ளைகள் பள்ளியில் பிரெஞ்சில் பாடும் அதே 'ஆ வு திரே ஜ் மாமோன்' மெட்டுதான். ச ச ப ப த த ப. மொசார்ட் அதையே மாற்றி மாற்றி 12 வேரியேஷன் எழுதினார். 1785இல் வியன்னாவில் அச்சானது.

முதல் வேரியேஷனில் "ச ச" இருந்த இடத்தில் வலது கைக்கு எட்டு சின்ன சுரங்கள் வருகின்றன: ரி ச நி ச நி ச நி ச. எண்ணிப் பாருங்கள், ச இரண்டாவது, நான்காவது, ஆறாவது, எட்டாவதில் விழுகிறது. அடி விழும் இடத்தில் நிற்பது ரியும் நியும். அதாவது மெட்டை அடியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒளித்திருக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ச சுரத்துக்கே திரும்பி வருவதால் காது அதைத்தான் வீடு என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த "ப ப" வரும்போதும் இதே வித்தை: த ப, பிறகு பிரதி மத்யமம் ப, மத்யமம் ப என்று.

இடது கை மட்டும் ஏறக்குறைய பழையபடியே நடக்கிறது. அதுதான் பிடிமானம். மகனை முதலில் இடது கையை மட்டும் வாசிக்கச் சொல்லி, நீங்கள் மேலே மெட்டைப் பாடுங்கள். பிறகு வலது கையில் இரண்டாவது சுரங்களை மட்டும் கொஞ்சம் அழுத்தச் சொல்லுங்கள். பழகியதும் அந்த அழுத்தத்தை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நொண்டும்.

மோக்காவில் பாட்டு கற்கும் மாணவி: "இது நம்ம சங்கதிதானே? பெயர்தான் வேறு."

பாதி சரி. மெட்டின் எலும்பை வைத்துக்கொண்டு சதையை மாற்றுவது இரண்டிலும் உண்டு. ஆனால் சங்கதி பாடும்போது ராகத்தையும் தாளத்தையும் யாரும் தொடமாட்டார்கள். இங்கே இரண்டையும் தொடுவார்கள். எட்டாவது வேரியேஷனில் மொசார்ட் சங்கராபரணம் போன்ற மேஜரை விட்டு மைனருக்குப் போகிறார். உங்கள் காதுக்குக் கீரவாணியின் வாடை அடிக்கும். அங்கே ஒரு குரல் தொடங்க, இன்னொன்று பின்னாலேயே வந்து அதைப் பிடிக்கிறது. கடைசி வேரியேஷனில் இரண்டடி மூன்றடியாகிறது. ராகத்தைத் தொட்டாலும் வாக்கியம் எங்கே முடிகிறது, எத்தனை அளவுக்கு ஒருமுறை ச சுரத்துக்கு வருகிறது என்பது அப்படியே இருக்கிறது. எட்டாவதில் முகம் மாறினாலும் நடையை வைத்து ஆளைக் கண்டுகொள்வது அதனால்தான்.

போர்ட் லூயி அண்ணன் ஒருவர்: "என் கீபோர்டில் ஸ்டைல் பட்டனை அமுக்கினால் சேகா வருகிறது. வேரியேஷன் முடிந்ததா?"

அண்ணே, பட்டன் மாற்றுவது பக்கத்தில் கொட்டுபவரைத்தான்! மெட்டு இரண்டடியிலேயே நிற்க, கொட்டு ஆறில் போகும். இரண்டும் முட்டிக்கொள்ளும். மெட்டையே ஆறுக்குள் இழுக்க வேண்டும்: முதல் ச நீளம், இரண்டாவது ச குறுக்கம், அப்புறம் ப நீளம், ப குறுக்கம். முக்கியமான சுரம் அடியில் விழுந்தால் உங்கள் தெருவே கூடப் பாடும். பட்டனை அதற்கு அப்புறம் அமுக்குங்கள்.

வாக்வாவிலிருந்து ஒருவர்: "கோயில் விழாவுக்கு ஒரு காவடி மெட்டுக்கு ஐந்து வேரியேஷன் எழுதினேன். மூன்றாவதில் வேகம், கார்டு, குரல் எல்லாம் மாற்றினேன். யாருக்குமே தெரியவில்லை."

மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதுதான் காரணம். ஹைடன் 1797இல் எழுதிய 'எம்பரர்' குவார்டெட்டின் இரண்டாவது பகுதியைக் கேளுங்கள். மெட்டில் கைவைக்கவே இல்லை. முதல் வயலின் மெட்டை வாசித்ததும் இரண்டாம் வயலின், பிறகு செல்லோ, பிறகு வயோலா, கடைசியில் மீண்டும் முதல் வயலின் என்று கைமாற்றுகிறார், சுற்றியிருப்பது மட்டும் மாறுகிறது. உங்கள் மூன்றாவதில் மெட்டை அப்படியே நாதஸ்வரத்திடம் கொடுத்து கார்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். வேகம் நான்காவதுக்குப் போகட்டும். ஒன்று கவனம்: "ச" இருக்கும் இடத்தில் அந்த ச சுரத்துக்கு ஒட்டுகிற கார்டாகத்தான் தேட வேண்டும். ஒட்டாத கார்டு வைத்தால் பாடுகிறவர் சுருதி விட்டதாகவே கூட்டம் நினைக்கும்.

அதே மாணவி மறுபடியும்: "பாக்கின் கோல்ட்பெர்கில் மெட்டு வருவதே இல்லையே அக்கா. அதையும் எப்படி வேரியேஷன் என்கிறார்கள்?"

நல்ல பிடி. பாக் 30 வேரியேஷனிலும் வைத்துக்கொள்வது மேலே கேட்கும் பாட்டை அல்ல, அடியில் ஓடும் பேஸ் வரிசையையும் கார்டுகளையும்தான். வாசிக்கிறவரின் இடது கைக்கு அது தெரியும். கேட்கிறவருக்குத் தெரிகிறதா? என் ஆசிரியர் தெரியும் என்பார். 20 வருடம் சொல்லிக்கொடுத்தும் எனக்குப் பாதி வேரியேஷன்களில் தாளைப் பார்த்தால்தான் பிடிபடுகிறது. அடுத்த முறை பேஸை மட்டும் கூடவே முனகிப் பாருங்கள், உங்களுக்கு எதுவரை வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.