xy உறுப்பை நீக்க ஐகன் வெக்டர்: விடை ஏன் இடம் மாறி வருகிறது?

கேள்வி: 3x² − 4xy + 6y² − 22x + 24y + 35 = 0 என்ற சமன்பாட்டில் xy உறுப்பை நீக்க வேண்டும். cot 2θ சூத்திரம் தெரியும், ஆனால் ஐகன் வெக்டர் வைத்துப் போடச் சொல்கிறார்கள். ஏன் அது வேலை செய்கிறது? எனக்கு நீள்வட்டம் சரியாகத்தான் வருகிறது, மையம் மட்டும் (1, 3) என்று தப்பாக வருகிறது. எங்கே தவறு?

பதில்:

முதலில் உங்கள் தவறு: நீங்கள் அச்சுகளைச் சுழற்றவில்லை, கண்ணாடியில் திருப்பிவிட்டீர்கள். மையம் (3, −1) என்று வர வேண்டும். எப்படி (1, 3) ஆனது என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம், அது தெரிந்தால் மற்றது தானாகவே புரியும்.

இருபடி உறுப்புகள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒரு சமச்சீர் அணியில் அடைக்கலாம்:

```
A = |  3  -2 |
    | -2   6 |
```

xy-யின் கெழு −4. அது இரண்டு இடத்தில் உட்கார வேண்டும் என்பதால் பாதி பாதியாகப் பிரித்து −2, −2 என்று போடுகிறோம். இப்போது X என்பது (x, y) வெக்டர் என்றால், XᵀAX என்பதே 3x² − 4xy + 6y².

சரி, இப்போது ஒன்றுக்கொன்று செங்குத்தான p, q என்று இரண்டு ஓரலகு வெக்டர்களைப் புதிய அச்சுகளாக வைத்துக்கொள்வோம். X = u p + v q. இதை XᵀAX-இல் போட்டு விரித்தால் மூன்று உறுப்புகள் வரும்: u²-இன் கெழு pᵀAp, v²-இன் கெழு qᵀAq, uv-யின் கெழு 2pᵀAq. நமக்குத் தொல்லை தருவது இந்த மூன்றாவதுதான். அது எப்போது பூச்சியமாகும்? Ap என்ற வெக்டர் q-வுக்குச் செங்குத்தாக இருந்தால். தளத்தில் q-வுக்குச் செங்குத்தான திசை ஒன்றே ஒன்றுதான், அது p-யின் திசை. ஆக, Ap என்பது p-யின் திசையிலேயே விழ வேண்டும். அதாவது Ap = λp. ஐகன் வெக்டரின் வரையறையே இதுதானே!

அவ்வளவுதான் விஷயம். "மூலைவிட்டமாக்கல்" என்று பெரிய பெயரில் சொல்வார்கள், ஆனால் உள்ளே நடப்பது இந்த ஒரு வரி. இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது: ஐகன் வெக்டர் ஒன்றைக் கண்டுபிடித்தாலே போதும். இரண்டாவதைத் தேடி இன்னொரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டிய வேலையே இல்லை. (a, b) கிடைத்தால் மற்றது (−b, a). நீங்கள் இதைச் செய்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

உங்கள் கணக்கைப் போட்டுவிடுவோம். ஐகன் மதிப்புகளின் கூட்டல் மூலைவிட்டத்தின் கூட்டல், 9. பெருக்கல் அணிக்கோவை, 18 − 4 = 14. கூட்டினால் 9, பெருக்கினால் 14 என்றால் 2, 7. λ = 2-க்கு A − 2I-இன் முதல் நிரை (1, −2), எனவே a − 2b = 0, வெக்டர் (2, 1). அதை 90° இடப்பக்கம் திருப்பினால் (−1, 2). இரண்டின் நீளமும் √5. எனவே:

```
x = (2u - v)/√5
y = (u + 2v)/√5
```

இருபடிப் பகுதி 2u² + 7v² ஆகிவிடும், அதை விரித்துப் பார்க்கத் தேவையில்லை. ஆனால் −22x + 24y-ஐ மறக்கக் கூடாது. அதுவும் சேர்ந்தேதான் சுழலும். பலர் 2u² + 7v² − 22u + 24v + 35 = 0 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். சரியாகப் பிரதியிட்டால் u-வுக்கு (−44 + 24)/√5 = −4√5, v-க்கு (22 + 48)/√5 = 14√5. மாறிலி 35 அப்படியே இருக்கும்.

```
2u² + 7v² - 4√5 u + 14√5 v + 35 = 0
2(u - √5)² + 7(v + √5)² = 10
```

10 + 35 − 35 = 10, வர்க்கப் பூர்த்தி சரிதான். 10-ஆல் வகுத்தால் u திசையில் அரை நெட்டச்சு √5, v திசையில் அரைக் குற்றச்சு √(10/7). மையம் (u, v) = (√5, −√5). பழைய அச்சுகளுக்குக் கொண்டுபோனால் x = (2√5 + √5)/√5 = 3, y = (√5 − 2√5)/√5 = −1.

இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி. நெட்டச்சின் ஒரு முனை u = 2√5, v = −√5. அது x = 5, y = 0. மூலச் சமன்பாட்டில் போடுங்கள்: 75 − 110 + 35 = 0. பொருந்துகிறது. மறுமுனை (1, −2). அதையும் போட்டுப் பாருங்கள், வரும். மையத்தை மட்டும் சரிபார்ப்பவர்கள் உண்டு, எனக்கு முனைகளைப் போட்டுப் பார்த்தால்தான் நிம்மதி. சுழற்சி தப்பானால் முனை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது உங்கள் (1, 3). இரண்டாவது ஐகன் வெக்டரைத் தனியாகத் தீர்த்து (1, −2) என்று எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதுவும் λ = 7-க்கு உரிய ஐகன் வெக்டர்தான், எந்தக் குறையும் இல்லை. அதனால் uv போய்விடும், 2u² + 7v² வரும், நீள்வட்டத்தின் அளவும் சரியாக இருக்கும். v-யின் குறி மட்டும் மாறி −14√5 v என்று வரும், மையம் (√5, √5) ஆகும். இதுவரைகூடப் பிழை இல்லை. ஆனால் (2, 1), (1, −2) இரண்டையும் நிரல்களாக வைத்த அணியின் அணிக்கோவை, √5-ஆல் வகுத்த பிறகு, −1. அது சுழற்சி அல்ல, பிரதிபலிப்பு. நீங்கள் அதைக் கவனிக்காமல், "அச்சுகள் 26.57° சுழன்றன" என்று சொல்லி, v அச்சை u-வுக்கு இடப்பக்கம் வரைந்து, (√5, √5)-ஐ அங்கே குறித்திருக்கிறீர்கள். அந்த இடம்தான் (1, 3). உண்மையான மையத்தை u அச்சில் கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும் பிம்பம் அது.

cot 2θ முறையில் இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் அங்கே கோணத்தைத்தான் கண்டுபிடிக்கிறீர்கள், கோணம் என்றாலே சுழற்சி. cot 2θ = (3 − 6)/(−4) = 3/4. இதிலிருந்து tan θ-வுக்கு 2t² + 3t − 2 = 0, விடை 1/2 அல்லது −2. கவனித்தீர்களா, (2, 1)-இன் சாய்வும் (−1, 2)-இன் சாய்வும்தான் அவை. இரண்டு முறையும் ஒரே திசைகளைத்தான் தேடுகின்றன. −2-ஐ எடுத்தவருக்கு 7u² + 2v² என்று இடம் மாறி வரும், அதுவும் சரியான விடையே. உங்கள் தலைப்புக்குப் பதில் இதுதான்: ஐகன் மதிப்புகளின் வரிசை நம் விருப்பம், எதை u என்று அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கணினியில் போடுபவர்களுக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது. நான் ஒரு மாலை முழுவதும் ஒரு படம் ஏன் தலைகீழாக வருகிறது என்று தேடியது இதனால்தான். `eigh` ஐகன் மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கித் தரும், ஆனால் வெக்டரின் குறிக்கு எந்த உத்தரவாதமும் தராது. அதனால் இரண்டு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும்:

```python
import numpy as np
A = np.array([[3, -2], [-2, 6]])
w, P = np.linalg.eigh(A)
if np.linalg.det(P) < 0:
    P[:, 1] = -P[:, 1]
```

இங்கே இன்னொரு பொறி. −4-ஐப் பாதியாக்காமல் `[[3, -4], [0, 6]]` என்று கொடுத்தால் `eigh` எந்தப் பிழையும் காட்டாது. அது இயல்பாகக் கீழ் முக்கோணத்தை மட்டுமே படிக்கும், அங்கே இருப்பது 0. எனவே 3, 6 என்று அழகான முழு எண்களைத் தந்துவிடும், வெக்டர்களும் செங்குத்தாகவே இருக்கும். கூட்டல் 9 வேறு சரியாக வரும்! காட்டிக்கொடுப்பது பெருக்கல்தான்: 18 வருகிறது, 14 வர வேண்டும். கையால் போட்டாலும் கணினியில் போட்டாலும் கூட்டலோடு நிறுத்தாமல் பெருக்கலையும் பார்ப்பது அதனால்தான்.

சிலர் மையத்தை முதலில் கண்டுபிடித்து அங்கே நகர்ந்துவிட்டு, அப்புறம் சுழற்றுவார்கள். உங்கள் கணக்கில் 6x − 4y = 22, −4x + 12y = −24 என்ற இரண்டையும் தீர்த்தால் நேராக (3, −1) வந்துவிடும், ஒருபடி உறுப்புகளைச் சுழற்றும் வேலையும் மிச்சம். ஆனால் ஒரு ஐகன் மதிப்பு பூச்சியமாக இருந்தால் இந்த வழி ஓடாது. x² − 4xy + 4y² − 10x − 5y = 0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதன் ஐகன் மதிப்புகள் 0, 5. மையத்துக்கான இரண்டு சமன்பாடுகளும் ஒன்றோடொன்று முரண்படும். இங்கே சுழற்றத்தான் வேண்டும்: அதே (2, 1), (−1, 2) திசைகள், இருபடிப் பகுதி 5v², ஒருபடிப் பகுதி −5√5 u. கடைசியில் நிற்பது v² = √5 u, ஒரு பரவளையம்.