மூன்று மாத ஸ்டேட்மென்ட்டை வைத்து சேமிப்புத் தொகையை முடிவு செய்வது

கேள்வி: கையில் வரும் சம்பளம் 48,000. மாதம் 12,000 கட்டாயம் சேமிக்க வேண்டும் என்று ஆர்.டி. போடப் போகிறேன். கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து இது நடக்குமா நடக்காதா என்று சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் நான் முதல் தடவை பார்த்த மாதிரி பார்த்தால் தப்பான விடைதான் வரும். என் கணக்கையே சொல்கிறேன்.

அப்போது என் சம்பளம் 46,000. வாடகை வீடு, ஒரு பைக், ஒரு கிரெடிட் கார்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதத்துக்கும் ஸ்டேட்மென்ட்டை எக்செல் கோப்பாக இறக்கினேன். காலண்டர் மாதமாகப் பிரிக்கவில்லை, அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன். எங்கள் அலுவலகத்தில் மாதத்தின் கடைசி வேலை நாளில் சம்பளம் போடுவார்கள். சிலசமயம் ஒன்றாம் தேதிக்குத் தள்ளிப் போகும். காலண்டர்படி பார்த்தால் ஒரு மாதத்தில் இரண்டு சம்பளம் இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. அதனால் ஒவ்வொரு சம்பளமும் ஏறுவதற்குச் சற்று முன் இருந்த இருப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு இருப்புகளுக்கு உள்ள வித்தியாசம்தான் அந்த மாதம் செலவெல்லாம் போக மிஞ்சியது.

எனக்கு வந்த எண்கள் இவை. ஜூன் மாதச் செலவுக்கான சம்பளம் ஏறுவதற்கு முன் இருப்பு 3,200. அடுத்த சம்பளத்துக்கு முன் 16,700. அதற்கடுத்து 18,300. ஆகஸ்ட் முடிவில் 36,000. மூன்று மாதத்தில் 32,800 ஏறியிருக்கிறது, சராசரி கிட்டத்தட்ட 10,900. மாதம் 10,000 தாராளமாகக் கட்டலாம் என்று செப்டம்பரில் ஆர்.டி. போட்டேன். நான்கு தவணை ஒழுங்காகப் போனது. ஜனவரியில் ஐந்தாவது தவணைக்குக் கணக்கில் பணம் இல்லை. அபராதம் கட்டி ஓட்டிப் பார்த்தேன், பிறகு பாதியிலேயே முடித்தேன். வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள்.

கோபத்தோடு அதே மூன்று மாதத்தைத் திரும்ப எடுத்து வரி வரியாகப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஆகஸ்டில் வந்த 5,000. நண்பன் கைமாற்றாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. அது வருமானமே இல்லை. 32,800 அங்கேயே 27,800 ஆகிவிட்டது. உங்கள் ஸ்டேட்மென்ட்டில் சம்பளம் தவிர வந்த ஒவ்வொரு வரவையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அடுத்த மூன்று மாதத்திலும் இது வருமா? உங்களுடைய இன்னொரு கணக்கிலிருந்து நீங்களே மாற்றிய பணத்துக்கும் இதே கேள்விதான்.

அடுத்தது கிரெடிட் கார்டு. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கார்டுக்குக் கட்டிய பில் தெரியும், கார்டில் தேய்த்தது தெரியாது. ஜூன் தொடக்கத்தில் கார்டு பாக்கி 3,900. ஆகஸ்ட் முடிவில் அது 9,500. அதாவது மூன்று மாதத்தில் 5,600 ரூபாய்க்கு நான் செலவு செய்துவிட்டேன், கணக்கிலிருந்து மட்டும் இன்னும் போகவில்லை. அதையும் கழித்தால் 22,200. மூன்றால் வகுத்தால் மாதம் 7,400. கார்டு வைத்திருந்தால் பேங்க் இருப்பை எடுத்த அதே தேதிகளில் கார்டு பாக்கி எவ்வளவு என்று அதன் ஸ்டேட்மென்ட்டிலும் பார்த்தே ஆக வேண்டும். பாக்கி குறைந்திருந்தால் அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. அந்த ஸ்டேட்மென்ட்டில் இல்லாத செலவு. ஜனவரியில் இன்சூரன்ஸ் பிரீமியம் 15,000, தீபாவளிக்கு 12,000, பொங்கலுக்கு ஊருக்குப் போய்வர 4,000, பைக் இன்சூரன்ஸ் 2,600. மொத்தம் 33,600. ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் இதில் ஒன்றுகூட வராது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,800. இதைக் கண்டுபிடிக்க மூன்று மாத ஸ்டேட்மென்ட் போதாது. போன ஒரு வருட ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, 2,000 ரூபாய்க்கு மேல் போன வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கரண்ட் பில்லிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பில் வருகிறது. மூன்று மாதத்துக்குள் ஒரு பில் விழலாம், இரண்டும் விழலாம். எனக்கு ஜூலையில் மட்டும் 1,800 போயிருந்தது. உண்மையான செலவு மாதம் 900, மூன்று மாதத்துக்கு 2,700. ஆக 900 குறைவாகக் காட்டியிருக்கிறது, மாதத்துக்கு 300. உங்களுக்கு இரண்டு பில் விழுந்திருந்தால் இது தலைகீழாகும்.

7,400-இலிருந்து 2,800-உம் 300-உம் போனால் 4,300. பத்தாயிரம் எங்கே, இது எங்கே!

இந்த இடத்தில் மனசு ஒரு தந்திரம் செய்யும். ஜூலையில் பைக் இன்ஜின் வேலைக்கு 6,800 போயிருந்தது. அதனால்தான் அந்த மாதம் இருப்பு 1,600 மட்டும் ஏறியது. 'அது என்ன மாசா மாசமா வரும்? அதை எடுத்துவிட்டுப் பார்ப்போம்' என்று தோன்றியது. எடுக்காதீர்கள். ஜூனில் ஒரு கல்யாணத்துக்கு மொய் 3,000. ஆகஸ்டில் மிக்ஸி போயிற்று. பைக், மொய், மிக்ஸி என்று பெயர்தான் மாறுகிறது, ஏதோ ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது.

இன்னொரு தந்திரம், 'இனிமேல் வெளியே சாப்பிடுவதைக் குறைத்துவிடுவேன்' என்று அந்தத் தொகையையும் இப்போதே கூட்டிக்கொள்வது. எனக்கு யுபிஐ வரிகளில் முன்பின் தெரியாத ஒரு பெண் பெயர் ஜூனில் மட்டும் இருபத்தாறு தடவை வந்தது. யாரென்று தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரர் தன் மகளின் எண்ணை க்யூஆர் அட்டையில் போட்டிருக்கிறார். தெரிந்த பிறகும் டீ குறையவில்லை. குறைத்து, அது அடுத்த மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் தெரிந்தால் அப்போது தொகையை ஏற்றுங்கள்.

சரி, உங்கள் 12,000-க்கு வருவோம். மேலே சொன்ன நான்கு திருத்தமும் செய்து உங்கள் எண்ணை எடுங்கள். அப்புறம் மூன்றில் மோசமான மாதத்தைத் தனியாகப் பாருங்கள். அந்த மாதம் மிஞ்சியது 5,000 என்றால், 12,000 தவணைக்கு 7,000 குறையும். அந்த 7,000 முந்தைய இருப்பாகக் கணக்கில் கிடக்குமா? கிடக்காது என்றால் சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த மாதம் தவணை தவறும்.

தபால் ஆபீஸ் ஆர்.டி. என்றால் இன்னும் கவனம். அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடம் முடியாமல் இடையில் மூடவும் முடியாது. தவறிய தவணைக்கு நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். தொகையைச் சந்தேகத்தோடு முடிவு செய்திருந்தால் முதலில் ஒரு வருட பேங்க் ஆர்.டி. போதும்.

நான் இரண்டாவது தடவை 4,000-க்குத்தான் போட்டேன், சம்பளத்துக்கு மறுநாள் தானாகப் போகிற மாதிரி. அதோடு 2,800-ஐ வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். அந்தக் கணக்கை யுபிஐ-யில் இணைக்கவில்லை. அடுத்த ஜனவரி பிரீமியம் அதிலிருந்துதான் போயிற்று.